யாருக்கு வலிக்கும்போது போர் நிற்கிறது?

இளங்கலை மூன்றாம் ஆண்டு வகுப்பில் புறநானூற்றின் 44ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். நலங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான். கோவூர்கிழார் அவனிடம் போய்ப் பேசுகிறார். குளத்தில் படிய முடியாத யானைகள் தும்பிக்கை மண்ணில் புரள முழங்குகின்றன, பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிந்துகொள்கிறார்கள், தண்ணீர் இல்லாத வீடுகளிலிருந்து அழுகுரல் கேட்கிறது. இதற்கு நடுவே நீ இங்கே இனிதாக இருப்பது நன்றாக இல்லை. அறம் உண்டென்றால் ஊர் உன்னுடையது என்று கதவைத் திற, மறம் உண்டென்றால் சண்டைக்குத் திற. இதுதான் புலவர் சொன்னது.

பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்டாள்: "கோட்டைக்குள்ள எல்லாருக்கும் பசிக்குது. ராஜாவுக்கு மட்டும் பசிக்கலையா மேடம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மாலையில் பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. போரை நிறுத்துவது பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட செல்வாக்கு மிக்க கோட்பாடு ஒன்று, அந்தப் பெண் கேட்ட இடத்தில்தான் தடுமாறுகிறது.

அந்தக் கோட்பாட்டை முன்வைத்தவர் வில்லியம் ஸார்ட்மன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர். ஆப்பிரிக்கப் போர்களை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1985இல் வந்தது. பேச்சுவார்த்தை நல்ல யோசனைகளால் தொடங்குவதில்லை, காலம் கனிந்தால்தான் தொடங்கும் என்பது அவர் வாதம். கனிவதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, இரண்டு தரப்புமே வெல்ல முடியாமல் முட்டி நிற்க வேண்டும், அப்படி நிற்பது இருவருக்கும் வலிக்கவும் வேண்டும். வலி சமமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே காரணத்தால் வர வேண்டியதும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் தாங்க முடியாததாக இருந்தால் போதும். இரண்டாவது, பேசினால் ஒரு வழி பிறக்கும், எதிராளியும் அதற்குத் தயாராக இருக்கிறான் என்று இருவரும் நம்ப வேண்டும். தீர்வு கையில் இருக்க வேண்டும் என்பதில்லை, வாசல் ஒன்று தெரிந்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'நம்ப' என்பது. முட்டுக்கட்டை களத்தில் இருந்தால் போதாது, தலைவர்களின் மனதில் இருக்க வேண்டும். பத்தாயிரம் பேர் செத்திருக்கலாம். இன்னும் ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்தால் வென்றுவிடலாம் என்று தளபதி நினைக்கும்வரை, ஸார்ட்மன் கணக்கில் காலம் கனியவில்லை. கனிந்தாலும் பேச்சுவார்த்தை தொடங்கியே தீரும் என்று அவர் சொல்லவில்லை. கனியாமல் தொடங்காது என்றுதான் சொல்கிறார்.

தமிழில் இதை மொழிபெயர்க்கப் போனால் 'கனிவு' என்ற சொல் வந்து நிற்கும். பழம் பழுப்பதும் அதுதான், மனம் இளகுவதும் அதுதான். ஸார்ட்மனின் கனிவில் இரண்டாவது பொருள் துளியும் இல்லை. எதிரி மீது இரக்கம் வந்து யாரும் மேசைக்கு வருவதில்லை. தன் வலி பொறுக்க முடியாமல்தான் வருகிறார்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, இது பொய்யில்லை என்றும் தோன்றியது. போர்களை நடத்துகிறவர்களிடம் மனமாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட, அவர்கள் கணக்குப் போடுகிறவர்கள் என்று எடுத்துக்கொள்வது நேர்மையான தொடக்கம்.

என் சிக்கல் கணக்கில் இல்லை, வலிக்கும் உடலில் இருக்கிறது. 'தரப்பு' வலியை உணர்கிறது என்கிறது கோட்பாடு. தரப்பு என்பதற்கு உடல் கிடையாது. தண்ணீருக்குப் போகிற வழியில் வல்லுறவுக்கு ஆளாகிறவளும் அந்தத் தரப்பில்தான் இருக்கிறாள். அவள் வலி எந்த வழியாகத் தளபதியின் கணக்குக்குப் போய்ச் சேருகிறது? பெரும்பாலும் போய்ச் சேருவதே இல்லை. அது நடக்காத ஒரு நாட்டையும், கொஞ்சம் நடந்த ஒரு நாளையும் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவில் 1989இல் சார்லஸ் டெய்லர் படையோடு நுழைந்ததில் முதல் போர் தொடங்கியது. 1997இல் தேர்தலில் வென்று அவரே குடியரசுத் தலைவரானார். 1999இல் இரண்டாவது போர். வடக்கே கினியாப் பக்கமிருந்து லர்ட் என்ற கிளர்ச்சிக் குழு வந்தது. 2003 தொடக்கத்தில் தென்கிழக்கே, ஐவரி கோஸ்ட் பக்கமிருந்து மாடல் என்ற இன்னொரு குழு முளைத்தது. சிறுவர்கள் கையில் துப்பாக்கி. பெண்களுக்கு நேர்ந்ததை நான் பட்டியலிடப் போவதில்லை. பட்டியலிட்டுப் பட்டியலிட்டே நமக்கு அது பழகிப்போய்விட்டது.

2003 நடுப்பகுதிக்குள் நாட்டின் பெரும்பகுதி டெய்லர் கையைவிட்டுப் போய்விட்டது. மிஞ்சியது தலைநகர் மன்ரோவியாவும் அதைச் சுற்றிய கொஞ்சம் நிலமும். ஜூன், ஜூலையில் லர்ட் படை நகரத்தின் விளிம்புவரை வந்தது. துறைமுகம் இருக்கும் புஷ்ராட் தீவு அவர்கள் வசம் வந்தது. தீவையும் நகர மையத்தையும் இணைக்கும் பாலங்களைத் தாண்ட அவர்களால் முடியவில்லை. அவர்களைப் பாலத்திலிருந்து பின்னுக்குத் தள்ள டெய்லரின் படையாலும் முடியவில்லை. அரிசி துறைமுகத்தில், பசி நகரத்தில். தாக்குதல் மூன்று அலைகளாக வந்தது. நகரவாசிகள் அவற்றுக்கு முதலாம், இரண்டாம், மூன்றாம் உலகப்போர் என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவுக்கு நடுவிலும் மக்கள் பெயர் வைக்கிற விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

முட்டுக்கட்டையைப் பாடநூலில் படம் வரைந்து காட்ட இந்தப் பாலங்களைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வலியும் இருந்தது. கோட்பாட்டின்படி காலம் கனிந்திருக்க வேண்டும்.

கானாவில் பேச்சுவார்த்தை ஜூன் 4 அன்று தொடங்கியிருந்தது. நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் நடுவர். தொடங்கிய அன்றே, சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீதான போர்க்குற்றச்சாட்டைப் பகிரங்கப்படுத்தியது. அவர் அன்றே ஊருக்குத் திரும்பிவிட்டார். தூதுக்குழுக்கள் கானாவில் தங்கின. ஜூன் 17இல் ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தாகிச் சில நாட்களில் முறிந்தது. வாரங்கள் ஓடின. மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருக்க, தலைநகர் அக்ராவில் எந்த அமைச்சகம் யாருக்கு என்று பேரம் நடந்தது. தூதுக்குழுவினர் நல்ல விடுதியில் இருந்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, குளிர்சாதன அறை, செலவுக்குப் படிக்காசு, எல்லாம் அமைதியை விரும்பிய நாடுகளின் பணத்தில். காட்டில் கிடந்தவர்களுக்கு இது போரைவிட வசதியான வாழ்க்கை. பேச்சு முடிந்தால்தான் வசதி முடியும்.

முட்டுக்கட்டை பாலத்தில் இருந்தது. வலி நகரத்தில் இருந்தது. முடிவெடுக்கிறவர்கள் விடுதியில் இருந்தார்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தில் இல்லாதபோது கோட்பாடு கனிவு என்று சொல்வது நிகழாது. ராஜாவுக்குப் பசிக்கவில்லை.

லைபீரியப் பெண்கள் இதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தார்கள். லேமா போவி என்ற சமூகப் பணியாளர், முப்பது வயதைத் தாண்டியவர், பிள்ளைகளுக்குத் தாய், தேவாலயப் பெண்களைத் திரட்டினார். அசாட்டு பா கென்னத் என்ற காவல் அதிகாரி இஸ்லாமியப் பெண்களைத் திரட்டினார். வெள்ளை உடுத்தி, டெய்லரின் வாகனங்கள் போகும் சாலையோரம் மீன் சந்தைக்கருகே இருந்த திடலில், வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் டெய்லர் அவர்களைச் சந்தித்தார். பேச்சுவார்த்தைக்குப் போவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கணவர்களோடு உறவு மறுத்த போராட்டத்தைத்தான் உலகப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அதனால் நடைமுறையில் பெரிய பலன் இல்லை, ஊடகக் கவனம் கிடைத்தது என்று போவியே பின்னாளில் எழுதியிருக்கிறார். பெண்களின் அரசியல் என்றதும் படுக்கையறைக் கதவுப் பக்கம் போய் நிற்கும் செய்தியாளர்களின் வழக்கத்துக்கு அவர் தந்த மரியாதையான பதில் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெண்களில் ஒரு குழு அக்ராவுக்கே போய்க் கூட்ட அரங்கின் வாசலில் உட்கார்ந்தது. ஜூலை 21 அன்று மன்ரோவியாவில் நடந்த குண்டுவீச்சில் பலர் இறந்தார்கள். அமெரிக்கத் தூதரகத்தின் வாசலில் மக்கள் பிணங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். செய்தி அக்ராவுக்கு வந்தது. அன்று பெண்கள் அரங்குக்குள்ளே போய்க் கதவருகே கைகோத்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்துக்கு வராமல் யாரும் வெளியே வரக்கூடாது, ஊரில் மக்கள் படும் பசியையும் தாகத்தையும் உள்ளே இருப்பவர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்பது அவர்கள் நிலை.

காவலர்கள் போவியைக் கைது செய்ய வந்தார்கள். அவர் தன் உடைகளைக் களையத் தொடங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில், தாயான பெண்ணொருத்தி வேண்டுமென்றே தன்னை நிர்வாணமாக்கிக்கொண்டால் அதைப் பார்க்கும் ஆணுக்கு அது சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். (அடுத்த ஆண்டே இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் மணிப்பூரின் தாய்மார்கள் செய்ததை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. ஆனால் அங்கே நிர்வாணம் சாபமாக இல்லை, குற்றப்பத்திரிகையாக இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.) அபூபக்கர் வெளியே வந்தார். பெண்களை விரட்டவில்லை, அவர்களோடு பேசினார். தூதுக்குழுவினர் ஒழுங்காக அமர்வுகளுக்கு வருவார்கள், ஏதேனும் பலன் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வருவோம் என்ற உறுதிகளின் பேரில் பெண்கள் எழுந்தார்கள். நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட ஆசையாக இருக்கும். பெண்கள் உட்கார்ந்தார்கள், போர் நின்றது. அது உண்மையல்ல. அந்த நான்கு வாரத்தில் வேறு பலவும் நடந்தன. டெய்லருக்கு நைஜீரியா அடைக்கலம் தருவதாகச் சொல்லியிருந்தது, ஆகஸ்ட் 11 அன்று அவர் பதவி விலகிப் போனார். அவர் வெளியேற வேண்டும் என்று அமெரிக்கா வெளிப்படையாகச் சொல்லியிருந்தது, அதன் போர்க்கப்பல்கள் கடற்கரைக்கு வந்து நின்றன. ஆகஸ்ட் 4இல் நைஜீரியப் படைகள் மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படையாக வந்து இறங்கின. கிளர்ச்சிக்காரர்களுக்குப் பாலத்தைத் தாண்டி வெல்லும் கனவு அத்தோடு போயிற்று. ஸார்ட்மன் சொன்ன இரண்டும் வந்துவிட்டன: வெல்ல முடியாது என்ற உணர்வும், வெளியேற ஒரு வாசலும். அவர் கோட்பாட்டைக் கொண்டு பெண்களையே குறிப்பிடாமல் இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். பலர் சொல்லியும் இருக்கிறார்கள்.

ஆனால் அப்படிச் சொல்லும்போது ஒன்று விடுபட்டுப்போகிறது. காலம் கனியாவிட்டால் நடுவர் என்ன செய்யலாம் என்பதற்கு இந்தக் கோட்பாட்டில் ஒரு பதில் உண்டு: கனிய வைக்கலாம். நடைமுறையில் அதற்குப் பெரும்பாலும் வலியைக் கூட்டுவது என்று பொருள். பொருளாதாரத் தடை, ஆயுத சமநிலை வரும்வரை பலவீனமான தரப்புக்கு உதவி. முட்டுக்கட்டை என்பது சமரசத்துக்கு வாய்ப்பான நிலை என்று ஹென்றி கிஸிஞ்சர் ஸார்ட்மனுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். தடை விழுந்தால் முதலில் விலை ஏறுவது அரிசிக்கும் மருந்துக்கும். வரிசையில் நிற்பவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. கனிய வைக்கிறோம் என்ற பெயரில், ஏற்கனவே வலித்துக்கொண்டிருக்கும் உடலையே மறுபடி வலிக்க வைக்கிறார்கள். அந்த வலி தளபதிக்கு ஏறும் என்பது ஒரு நம்பிக்கைதான். இன்னொன்றும் நடக்கலாம், அதை ஸார்ட்மனே ஒப்புக்கொள்கிறார்: வலி சிலரைப் பேச வைக்காது, இறுக வைக்கும். இவ்வளவு பேரைப் பலி கொடுத்துவிட்டு இப்போது எப்படி விடுவது என்ற வாதம் செத்தவர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும்.

அக்ராவின் பெண்கள் செய்தது வேறு வேலை. அவர்கள் மொத்த வலியைக் கூட்டவில்லை. சில மணிநேரம் சில ஆண்களுக்குச் சாப்பாடு தாமதமானது, அவ்வளவுதான். ஏற்கனவே இருந்த வலியை, அது இல்லாதிருந்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோவூர்கிழார் சொற்களால் செய்ய முயன்றதை இவர்கள் உடலால் செய்தார்கள் என்று வகுப்பில் சொன்னேன். புலவருக்கு அரண்மனை வாசல் திறந்திருந்தது, இவர்களுக்கு இல்லை, அதனால்தான் உடல் தேவைப்பட்டது என்று ஒரு மாணவன் திருத்தினான். சரியான திருத்தம்.

கோட்பாட்டின் இன்னொரு எல்லையை நாம் தொலைவுக்குப் போய்த் தேட வேண்டியதில்லை. இலங்கையில் 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்தது. 2001 ஏப்ரலில் இராணுவத்தின் அக்னிகீல நடவடிக்கை சில நாட்களில் தோற்றது. ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. அந்த ஆண்டு, சுதந்திரத்துக்குப் பின் முதல் முறையாக, நாட்டின் பொருளாதாரம் சுருங்கியது. இரண்டு தரப்புக்கும் வலித்தது. 2002 பிப்ரவரி 22இல் நார்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்தம் வந்தது. பாடநூல் உதாரணம். பேச்சுவார்த்தை மேசையில் பெண்களுக்கு இடமில்லாத குறை பேசப்பட்டு, தரப்புக்கு ஐந்து பெண்கள் என ஒரு துணைக்குழு அமைந்தது. 2003 மார்ச்சில் அது கிளிநொச்சியில் முதன்முறை கூடியது. ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிய அடுத்த மாதமே கதவு மூடியது. பிறகு, கருணா பிரிந்தார், கொழும்பில் ஆட்சி மாறியது, வெல்ல முடியும் என்ற எண்ணம் ஒரு பக்கத்தில் திரும்ப வந்தது. 2008 ஜனவரியில் அரசு போர்நிறுத்தத்திலிருந்து முறைப்படி விலகியது. 2009 மே வரை நடந்தது நமக்குத் தெரியும். கனிந்தது கனிந்தே இருக்காது. முட்டுக்கட்டை என்பது ஒரு நம்பிக்கை என்பதால், நம்பிக்கை மாறினால் அது இல்லாமல் போய்விடும். 'காலம் கனியட்டும்' என்று காத்திருக்கச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. கனிந்த காலத்துக்குள் எதைக் கட்டிவைத்தோம் என்ற கேள்வியை இந்தக் கோட்பாடு கேட்பதும் இல்லை. அது மேசைக்கு வரும்வரையிலான கதை மட்டுமே.

லைபீரியாவில் கட்டப்பட்டது என்ன என்றும் பார்க்க வேண்டும். ஒப்பந்தப்படி அமைந்த இடைக்கால நாடாளுமன்றத்தில் 76 இடங்கள். டெய்லரின் பழைய அரசுக்கு 12, லர்டுக்கு 12, மாடலுக்கு 12. விடுதியில் பேரம் பேசப்பட்டவை கிடைத்துவிட்டன. வலியோடு கூடவே வாசலில் ஒரு ஆசையும் தொங்க வேண்டும் என்று ஸார்ட்மன் பின்னாளில் சேர்த்தார். அந்த ஆசைக்கு இதுதான் பெயர்: பதவி. துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்குத் துப்பாக்கியைக் கீழே வைக்க விலை கொடுக்கப்பட்டது. துப்பாக்கி இல்லாதவர்களுக்குக் கீழே வைக்க ஒன்றுமில்லை, எனவே விலையும் இல்லை. டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு தண்டனை கிடைத்தது, சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. லைபீரியப் பெண்களுக்குச் செய்ததற்காக அல்ல.

இதைச் சொன்னபோது, அந்த ஒப்பந்தத்தை ஏற்றிருக்கக் கூடாதா என்று என் தோழி கேட்டாள். நான் இரண்டு நாள் யோசித்தேன். மீன் சந்தைத் திடலில் உட்கார்ந்திருந்த பெண்களின் இடத்தில் இருந்திருந்தால் நானும் ஏற்றிருப்பேன். பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்கிற அவசரத்தில் நீதியைத் தள்ளிவைக்கிறோம், தள்ளிவைத்த கணக்கு நம் பெயரில் ஏறுகிறது. 2005இல் அந்தப் பெண்களே வீடுவீடாகப் போய்ப் பெண்களை வாக்காளர்களாகப் பதியவைத்தார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று 2006 ஜனவரியில் பதவியேற்றார், ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண். அது நீதி அல்ல. ஒன்றுமில்லாததும் அல்ல.

அடுத்த வாரம் 45ஆம் பாட்டு. இம்முறை முற்றுகை உறையூரில், அடைத்திருப்பவன் அதே நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் மறுபடி போகிறார். இரண்டு பேரும் சூடியிருப்பது ஆத்தி மாலை, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். இம்முறை பெண்களையும் குழந்தைகளையும் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் முறை அதைச் சொல்லிப் பலிக்கவில்லை என்று புலவர் உணர்ந்துகொண்டாரா மேடம் என்று அதே பின்வரிசை மாணவி கேட்டாள். தெரியாது என்றேன்.